அணுக்கரு ஏன் சரிபாதியாக உடைவதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணுக்கருப் பிளவு பற்றிப் பேசும் இடங்களில் எல்லாம், பிளவுத்துண்டுகளின் நிறைப் பரவலைக் காட்டும் அந்த இரட்டை மேட்டு வரைபடம் வந்ததும் ஒரே மாதிரியான சந்தேகங்கள் எழுகின்றன. திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வேறெதுவும் சொல்லாத இடங்களில், மெதுவான நியூட்ரானை விழுங்கிப் பிளக்கும் யுரேனியம்-235 பற்றித்தான் பேச்சு.

வரைபடத்தில் இருக்கும் இரண்டு மேடும் எதைக் காட்டுகின்றன?

யுரேனியம்-235 ஒரு நியூட்ரானை விழுங்கியதும் யுரேனியம்-236 ஆகிறது. அது இரண்டு துண்டாக உடைகிறது. உடையும் ஒவ்வொரு அணுக்கருவும் வெவ்வேறு விதமாக உடையலாம் என்பதால், எந்த நிறை எண் கொண்ட துண்டு நூறு பிளவுகளில் எத்தனை முறை கிடைக்கிறது என்று எண்ணி வரைகிறோம். கிடைப்பது ஒரு மேடு அல்ல, இரண்டு. ஒன்று நிறை எண் 95-ஐ ஒட்டி, மற்றது 139, 140-ஐ ஒட்டி. நடுவில், 117 வாக்கில், ஆழமான பள்ளம்.

பள்ளத்தின் ஆழம் வரைபடத்தைப் பார்த்தவுடன் மனதில் பதிவதில்லை, ஏனென்றால் செங்குத்து அச்சு மடக்கை அளவில் இருக்கும். பத்து லட்சம் பிளவுகளை எடுத்துக்கொண்டால், நிறை எண் 95 கொண்ட துண்டு ஏறத்தாழ 65,000 முறை கிடைக்கும். நிறை எண் 117 கொண்ட துண்டு நூறு முறை கிடைத்தால் அதிகம். சரிபாதிப் பிளவு நடக்கவே நடக்காது என்பதில்லை. பல நூறு மடங்கு அரிது.

எல்லாவற்றையும் கூட்டினால் 200 சதவீதம் வருகிறதே, தப்பா?

தப்பில்லை. ஒரு பிளவுக்கு இரண்டு துண்டு. நூறு பிளவுக்கு இருநூறு துண்டு. ஒவ்வொரு மேட்டின் கீழும் ஏறத்தாழ நூறு சதவீதம் இருக்கும்.

பாடப்புத்தகத்தில் பேரியம்-141, கிரிப்டான்-92 என்று மட்டும்தானே போட்டிருக்கிறது? எப்போதும் அந்த ஜோடிதான் வருமா?

இல்லை. அது சமன்பாடு எழுதிக் காட்ட எடுத்துக்கொண்ட ஓர் உதாரணம். நூற்றுக்கணக்கான வகைத் துண்டுகள் உருவாகின்றன. ஆனால் அந்த உதாரணத்தில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. 141 கனத்த மேட்டின் உச்சிக்கு அருகில் இருக்கிறது, 92 இலேசான மேட்டின் உச்சிக்கு அருகில் இருக்கிறது. இரண்டும் கூடி 233. மீதி மூன்றும் தனியே வெளியேறிய நியூட்ரான்கள்.

1938 டிசம்பரில் ஆட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தில் நியூட்ரானைச் செலுத்திவிட்டுக் கண்டுபிடித்ததும் பேரியம்தான். யுரேனியத்தின் 92 புரோட்டான்களும் சரிபாதியாகப் பிரிந்தால் 46 புரோட்டான் கொண்ட பல்லேடியம் கிடைத்திருக்கும். பேரியத்துக்கு 56. பிளவைக் கண்டுபிடித்த அந்த முதல் சான்றே சமமில்லாத பிளவின் சான்றாகவும் இருந்தது.

பள்ளம் இவ்வளவு ஆழம் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

இரண்டு துண்டுகளும் எதிரெதிர்த் திசையில் பாய்கின்றன, உந்தம் சமம். ஆகவே இயக்க ஆற்றல் நிறைக்கு எதிர்விகிதத்தில் பங்காகிறது, இலேசான துண்டுக்கு அதிகம். இரண்டின் ஆற்றலையும் ஒரே நேரத்தில் அளந்தால் நிறை கிடைத்துவிடும். மேட்டைப் பார்க்க இது போதும். பள்ளத்துக்குப் போதாது. துண்டு இலக்குப் படலத்துக்குள்ளேயே கொஞ்சம் ஆற்றலை இழந்திருந்தாலோ, உணர்கருவியின் விளிம்பில் சிதறியிருந்தாலோ, மேட்டைச் சேர்ந்த ஒரு துண்டு பள்ளத்தைச் சேர்ந்தது போலப் பதிவாகும். மேட்டில் ஆயிரத்தில் ஒன்று இப்படித் தடம் மாறினாலும், உண்மையில் பள்ளத்தில் விழுபவற்றை விட அது அதிகமாகிவிடும்.

அதனால் பள்ளத்துக்குக் கதிர்வேதியியல் முறைதான் நம்பகமானது. மேட்டுக்கு ஒரு சாட்சி, பள்ளத்துக்கு ஒரு சாட்சி எடுத்துக்கொள்வார்கள். மேட்டுக்கு மாலிப்டினம்-99, பள்ளத்துக்குக் காட்மியம்-115. முதலாவதின் அரை ஆயுள் 66 மணி, இரண்டாவதின் அரை ஆயுள் 53 மணிக்குச் சற்று மேல். இரண்டையும் அவசரமில்லாமல் பிரித்து எண்ண நேரம் இருக்கிறது. நியூட்ரான் பட்ட யுரேனியத்தைக் கரைத்து, அளவு தெரிந்த சாதாரணக் காட்மியத்தையும் மாலிப்டினத்தையும் அதில் சேர்த்து, தனித்தனியே பிரித்தெடுத்து, காமாக் கதிர்களை எண்ணுவார்கள். சேர்த்ததில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்று பார்த்தால் வழியில் நேர்ந்த இழப்பு தெரிந்துவிடும். முடிவு: மாலிப்டினம்-99 சுமார் 6.1 சதவீதம், காட்மியம்-115 சுமார் 0.01 சதவீதம்.

இதில் கவனம் தப்பும் இடம் ஒன்று உண்டு. இலக்கு யுரேனியத்தில் காட்மியம் துளி கலந்திருந்தாலும், அதிலுள்ள காட்மியம்-114 ஒரு நியூட்ரானை வாங்கிக் காட்மியம்-115 ஆகிவிடும். பிளவிலிருந்து வந்ததும் இதுவும் எண்ணிக்கையில் ஒன்றாகவே தெரியும், பள்ளம் மேடானது போலத் தோன்றும். வெளியிலிருந்து சேர்க்கும் காட்மியத்தையும் கதிர்வீச்சு முடிந்த பிறகே சேர்க்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

திரவத்துளி மாதிரியில் பார்த்தால் சரிபாதியாக உடைவதுதானே இயல்பு?

அந்த மாதிரிக்குள் நின்று பார்த்தால் ஆம். 1939-இல் லிசே மைட்னரும் ஆட்டோ ஃபிரிஷும், பிறகு நீல்ஸ் போரும் ஜான் வீலரும் பிளவை விளக்கியது அணுக்கருவை மின்னூட்டம் பெற்ற ஒரு திரவத்துளியாகக் கருதித்தான். பரப்பு இழுவிசை துளியை உருண்டையாக வைத்திருக்கப் பார்க்கிறது, புரோட்டான்களின் விலக்கு விசை அதை நீட்டப் பார்க்கிறது. இந்தப் போட்டியில் யுரேனியம் ஏன் பிளக்கிறது, எவ்வளவு ஆற்றல் வருகிறது என்பதெல்லாம் சரியாகவே கிடைக்கிறது. ஆனால் அந்தத் துளிக்கு இடம் வலம் என்ற வேறுபாடு இல்லை. கணக்கு போட்டால் சரிபாதிதான் முதலில் நிற்கும்.

ஆகவே இரட்டை மேடு என்பது, அணுக்கரு வெறும் துளி அல்ல என்று இயற்கை நேராகக் காட்டும் இடம். துளியில் இல்லாதது என்ன? உள்ளே இருக்கும் புரோட்டான்களும் நியூட்ரான்களும் தனித்தனி ஆற்றல் மட்டங்களில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான்.

மாய எண்தான் காரணம் என்கிறார்களே, அது எப்படி?

அணுவில் எலக்ட்ரான் கூடுகள் நிரம்பும்போது மந்த வாயுக்கள் கிடைப்பது போல, அணுக்கருவிலும் 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற எண்ணிக்கைகளில் கூடுகள் நிரம்புகின்றன. நியூட்ரான் விஷயத்தில் இந்த ஏழும் பொருந்தும். புரோட்டானில் 82 வரை. கூடு நிரம்பிய அணுக்கரு கூடுதல் உறுதியுடன் இருக்கும். 50 புரோட்டானும் 82 நியூட்ரானும் சேர்ந்தால் வெள்ளீயம்-132. இரண்டு எண்ணும் மாய எண். மரியா கோப்பெர்ட் மேயர் 1948-இலேயே கூடுகள் நிரம்புவதையும் பிளவின் சமமின்மையையும் தொடர்புபடுத்திப் பார்த்தார்.

இதற்கு நான் மிகவும் மதிக்கும் சான்று, வெவ்வேறு அணுக்கருக்களின் வரைபடங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பதில் கிடைக்கிறது. நியூட்ரான்கள் கழலுவதற்கு முந்தைய நிறையைச் சொல்கிறேன். யுரேனியம்-236 பிளக்கும்போது சராசரி இலேசான துண்டு 96-க்கும் 97-க்கும் இடையில், கனத்த துண்டு 139-க்கும் 140-க்கும் இடையில். கலிஃபோர்னியம்-252 தானே பிளக்கும்போது இவை ஏறத்தாழ 108, 144. கூடுதலாக வந்த 16 நியூக்ளியான்களில், அதாவது புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்த எண்ணிக்கையில், பன்னிரண்டு அளவுக்கு இலேசான துண்டுக்கே போயிருக்கின்றன. கனத்த துண்டு நான்கை மட்டும் வாங்கியிருக்கிறது. கனத்த மேடு தன் இடத்தை விட்டு எளிதில் நகர்வதில்லை. வெறும் விகிதாசாரப் பங்கீடாக இருந்தால் இப்படி நடக்காது. கனத்த துண்டுக்குள் ஏதோ ஒரு அமைப்பு உறுதியாக நிற்கிறது.

அப்படியென்றால் அதிக ஆற்றல் வெளிவரும் ஜோடிதானே அதிகம் உருவாக வேண்டும்?

கணக்கு போட்டே பார்த்துவிடலாம். அளந்த அணுக்கரு நிறைகளை வைத்து, அடிநிலையில் உள்ள யுரேனியம்-236 மூன்று விதமாக உடைந்தால் வெளிவரும் ஆற்றலைப் பாருங்கள். நியூட்ரான்கள் கழலுவதற்கு முந்தைய துண்டுகள் இவை. எம்.இ.வி. என்பது பத்து லட்சம் எலக்ட்ரான்வோல்ட்.

இரண்டு பல்லேடியம்-118 என்று சரிபாதியாக உடைந்தால் சுமார் 193 எம்.இ.வி. வெள்ளீயம்-132-உம் மாலிப்டினம்-104-உம் என்றால் சுமார் 199. செனான்-140-உம் ஸ்ட்ரான்ஷியம்-96-உம் என்றால் சுமார் 188.

வெள்ளீயத்துக்குக் கிடைக்கும் கூடுதல் ஆறு எம்.இ.வி. மாய எண்ணின் செல்வாக்கைக் காட்டுகிறது. ஆனால் மூன்றாவது எண்ணைக் கவனியுங்கள். மேட்டின் உச்சியில் இருக்கும் பிரிவு, கிட்டத்தட்ட நடக்கவே நடக்காத சரிபாதிப் பிரிவைவிடக் குறைந்த ஆற்றலையே தருகிறது. முடிவில் எவ்வளவு ஆற்றல் கிடைக்கும் என்பது பிளவை வழிநடத்தவில்லை. இந்தத் தலைப்பில் மிகப் பரவலான தவறான விளக்கம் "உறுதியான துண்டுகள் வேண்டும் என்பதால் அப்படி உடைகிறது" என்பது. அது பாதி உண்மை கூட இல்லை.

முடிவு ஆற்றல் தீர்மானிக்கவில்லை என்றால், எது தீர்மானிக்கிறது?

போகும் வழி. அணுக்கரு உருண்டையாக இருந்து, நீண்டு, இடுப்பு சிறுத்து, அறுந்துபோகும் வரை எத்தனையோ வடிவங்களைக் கடக்கிறது. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு நிலை ஆற்றல் உண்டு. இதை ஒரு மலைத்தொடராக நினைத்துக்கொள்ளலாம்: மறுபக்கத்துப் பள்ளத்தாக்கு எவ்வளவு ஆழமாக இருந்தாலும், எந்தக் கணவாய் தாழ்வாக இருக்கிறதோ அதன் வழியாகத்தான் போக முடியும். சரிபாதிக்கு ஒரு கணவாய், சமமில்லாத பிரிவுக்கு ஒரு கணவாய்.

1967-இல் ஸ்ட்ருடின்ஸ்கி, துளியின் ஆற்றலோடு ஆற்றல் மட்டங்களின் அடுக்கு தரும் திருத்தத்தையும் சேர்த்துக் கணக்கிடும் முறையைத் தந்தார். அதன்படி யுரேனியம் போன்ற அணுக்கருக்கள் பிளக்கக் கடக்க வேண்டிய ஆற்றல் தடுப்பு ஒற்றை மேடாக இல்லாமல், வழியில் அடுத்தடுத்து வரும் இரண்டு மேடாக இருக்கிறது. நிறைப் பரவல் வரைபடத்தின் இரட்டை மேடு வேறு, இது வேறு. பிறகு, வெளிப்பக்கத் தடுப்பில் அணுக்கருவை ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சிறுத்த வடிவமாக இருக்க அனுமதித்துக் கணக்கிட்டபோது, தடுப்பு கணிசமாகத் தாழ்ந்தது. சமச்சீர் வடிவத்திலேயே கடப்பதானால் கூடுதலாகச் சில எம்.இ.வி. ஏற வேண்டும்.

சில எம்.இ.வி. தானே என்று தோன்றலாம். மெதுவான நியூட்ரான் கொண்டுவரும் ஆற்றல் சுமார் 6.5 எம்.இ.வி., தாழ்ந்த தடுப்பே 6-ஐ ஒட்டி இருக்கிறது. கையில் மிஞ்சுவது ஒரு எம்.இ.வி.க்குள்தான். அந்த நிலையில் உயரமான கணவாயைக் கடப்பது மிக அரிது. அங்கிருந்துதான் பல நூறு மடங்கு வேறுபாடு வருகிறது.

வெள்ளீயம்-132 அவ்வளவு உறுதி என்றால் மேடு 132-ல் இல்லாமல் 140-ல் ஏன் இருக்கிறது?

நல்ல கேள்வி, வெகுகாலம் நெருடிக்கொண்டே இருந்த ஒன்று. கனத்த துண்டுகளை அளந்து பார்த்தால், எந்த யுரேனியம், புளூட்டோனியம் பிளந்தாலும் புரோட்டான் எண்ணிக்கை சராசரியாக 54-ஐ ஒட்டியே இருக்கிறது. மாய எண்ணான 50-ஐ ஒட்டி இல்லை.

பிரியும் கணத்தில் துண்டுகள் தனியாக நிற்கவில்லை என்பதில்தான் விடை இருக்கிறது. இரண்டையும் ஒரு கழுத்து இணைத்திருக்கிறது, அது ஒவ்வொரு துண்டையும் தன் பக்கம் இழுத்துப் பேரிக்காய் வடிவமாக்குகிறது. வெள்ளீயம்-132 விறைப்பான உருண்டை, அப்படி வளைந்துகொடுக்க அதற்கு ஆற்றல் அதிகம் வேண்டும். 52 முதல் 56 வரை புரோட்டான் கொண்ட துண்டுகளோ பேரிக்காய் வடிவத்திலேயே தமக்கென ஒரு கூடு நிறைவைப் பெறுகின்றன. பேரியம்-144 உண்மையிலேயே பேரிக்காய் வடிவ இயல்பு கொண்டது என்பதை ஆய்வுகளும் காட்டியுள்ளன. 2018-இல் கியோம் ஸ்காம்ப்ஸும் செட்ரிக் சிமெனெலும் பிளவின் போக்கைக் கணினியில் கணக்கிட்டு இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள். வெள்ளீயத்தின் பங்கு காணாமல் போகவில்லை. மேட்டின் உட்சரிவில், 132, 134 பக்கம், அது தெரிகிறது.

வேகமான நியூட்ரானால் அடித்தால் பள்ளம் நிரம்பிவிடுமா?

ஓரளவு நிரம்பும். 14 எம்.இ.வி. நியூட்ரானை விழுங்கினால் அணுக்கருவில் 20 எம்.இ.வி.க்கு மேல் ஆற்றல் இருக்கும். அப்போது உயரமான கணவாயும் எட்டும் தூரத்தில் வந்துவிடுகிறது. அதோடு, இவ்வளவு சூடான அணுக்கருவில் நியூக்ளியான்கள் மேல்மட்டங்களுக்குச் சிதறுவதால் கூடுகளின் ஒழுங்கே மங்குகிறது, துளியின் இயல்பு தலைதூக்குகிறது. மேலே சொன்ன காட்மியம்-115 அப்போது ஒரு சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். மேடு சற்றே தாழும், மறைந்துவிடாது.

ஒரு எச்சரிக்கை: அந்த ஆற்றலில் சில அணுக்கருக்கள் முதலில் ஒரு நியூட்ரானை உதறி ஆறிவிட்டுப் பிறகு பிளக்கின்றன. அவை பழைய ஆழமான பள்ளத்தையே தரும். நாம் அளப்பது இரண்டின் கலவை.

அரிதாகச் சரிபாதியாக உடையும்போது அந்தத் துண்டுகளில் வேறு ஏதாவது வித்தியாசம் தெரியுமா?

தெரியும், வேறு வழியாகப் போனதற்கான தடயமே அதில் இருக்கிறது. துண்டுகளின் இயக்க ஆற்றல் பிரிந்த கணத்தில் இருந்த மின் விலக்கத்திலிருந்து வருகிறது. அது இரண்டு மின்னூட்டங்களின் பெருக்கத்தை இடைத்தூரத்தால் வகுத்ததைப் பொறுத்தது. பல்லேடியம் ஜோடிக்குப் பெருக்கம் 46 × 46, அதாவது 2116. வெள்ளீயம், மாலிப்டினம் ஜோடிக்கு 50 × 42, அதாவது 2100. கிட்டத்தட்ட ஒன்றே. ஆனாலும் சரிபாதிப் பிளவில் இயக்க ஆற்றல் இருபது எம்.இ.வி. அளவுக்குக் குறைவாக இருக்கிறது. பெருக்கம் மாறவில்லை என்றால் தூரம்தான் மாறியிருக்க வேண்டும். சரிபாதியாகப் பிரியும் அணுக்கரு மிகவும் நீண்டு இழுபட்ட பிறகே அறுகிறது.

குறைந்த அந்த ஆற்றல் எங்கே போனது? இழுபட்ட துண்டுகளின் வடிவத்தில் தங்கி, பிறகு வெப்பமாகி, கூடுதல் நியூட்ரான்களாக வெளியேறுகிறது. விறைப்பான 132 பக்கத்துத் துண்டோ சராசரியாக ஒரு நியூட்ரானைக் கூட உதறுவதில்லை.

எல்லா கனமான அணுக்கருவும் இப்படித்தான் உடையுமா?

இல்லை. பிஸ்மத் போன்ற இலேசானவற்றை அதிக ஆற்றலில் பிளந்தால் ஒற்றை மேடுதான். ரேடியம்-226-ஐ 11 எம்.இ.வி. புரோட்டானால் அடித்தால் மூன்று மேடு வரும், இரண்டு வழியும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதால்.

மேல் முனையில் ஃபெர்மியம் இருக்கிறது. ஃபெர்மியம்-256 தானே பிளக்கும்போது இரட்டை மேடு. இரண்டு நியூட்ரான் கூடி ஃபெர்மியம்-258 ஆனதும் 129-ஐச் சுற்றிக் கூர்மையான ஒற்றை மேடு. ஃபெர்மியத்தின் 100 புரோட்டான்களும் சரிபாதியானால் 50, 50. நியூட்ரான் பக்கத்துக்கு 79, இதுவும் 82-க்கு அருகில். ஒவ்வொரு பாதியும் வெள்ளீயம்-132-ஐ நெருங்குவதால் சமச்சீர் வழியே தாழ்ந்துவிடுகிறது. யுரேனியத்தைச் சமமில்லாமல் உடைய வைத்த அதே கூடுகள் இங்கே சரிபாதியை ஆதரிக்கின்றன.

இப்போது விதி புரிந்துவிட்டது: பாதி மாய எண்ணாக இருந்தால் சரிபாதி, இல்லையென்றால் இல்லை. சரிதானே?

பாதரசம்-180 அந்த விதியை மறுக்கிறது. சரிபாதியானால் இரண்டு ஸிர்கோனியம்-90. ஒவ்வொன்றிலும் 50 நியூட்ரான், மாய எண். 40 புரோட்டான், அதுவும் ஓரளவு நிரம்பிய கூடு. ஒற்றை மேடு வரும் என்று எதிர்பார்த்தே செர்ன் ஆய்வகத்தின் ஐசோல்ட் நிலையத்தில் தாலியம்-180-ஐ உருவாக்கினார்கள். அது சிதைந்து கிளர்ந்த பாதரசம்-180 ஆகி, அதில் மிகச் சிறு பகுதி பிளக்கும். 2010-இல் வெளியான முடிவு: கிரிப்டான்-80-ஐயும் ருத்தீனியம்-100-ஐயும் ஒட்டி இரண்டு மேடு.

இரண்டு ஸிர்கோனியம் சேர்ந்துதான் அதிக ஆற்றல் கிடைக்கும். ஆனால் பாதரசத்திலிருந்து அந்த நிலைக்கு இறங்கும் வழிக்கு முன்னால் ஒரு தடுப்பு நிற்கிறது, சமமில்லாத வழியில் அது தாழ்வு. செனான்-140 கணக்கில் கண்ட அதே நிலைமை. ஒரு புதிய அணுக்கரு எப்படி உடையும் என்று கேட்டால் துண்டுகளின் பட்டியலைப் பார்த்து விடை சொல்ல முடியாது. தடுப்பைக் கடக்கும் வடிவங்களின் ஆற்றலை அந்த அணுக்கருவுக்கே கணக்கிட வேண்டும்.